வாடகை எடுக்கிற வரைக்கும்

"என் அப்பா பெரம்பூரில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய ஒரு நாளை எட்டு நிமிட வீடியோவாக எடுக்க ஆசை. ஸ்டாண்டில் அப்பா வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் போனை நீட்டினால் மட்டும் 'அனைவருக்கும் வணக்கம்' என்று மேடைப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறார். பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடக் கூடாது. அவரை வைத்துக் காமெடி பண்ணினதாகவும் ஆகிவிடக் கூடாது. என்னிடம் ஒரு போனும் காலரில் மாட்டுகிற ஒரு மைக்கும் மட்டும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?"
– விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவி, சென்னை

அப்பாவிடம் இன்று ராத்திரி ஒரு கேள்வி கேளுங்கள்: "தினமும் எத்தனை மணிக்கு வாடகை எடுப்பீங்க?"

வாடகை வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதற்கு யோசிக்காமல் பதில் வரும். உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டிய நாள் வாடகையும், வண்டிக்குப் போட்ட கேஸ் காசும் கைக்கு வந்து சேரும் வரை அவர் தனக்காக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. காலையில் சாவியைத் திருப்பும்போதே அவர் கடனில்தான் கிளம்புகிறார். அந்தக் கடன் தீர்கிற நேரம் ஒரு நாள் பதினொரு மணியாக இருக்கும், இன்னொரு நாள் மூன்று மணியாகும், மழை நாளில் வேறு மாதிரி போகும். உங்கள் வீடியோவின் முதுகெலும்பு இதுதான். "அதிகாலை எழுந்தார், பல் துலக்கினார், டீ குடித்தார், சவாரி போனார், இரவு வீடு திரும்பினார்" என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் யாருடைய நாளும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் அது அப்பாவின் நாளாக மட்டும்தான் இருக்க முடியும். அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கிறவரை உட்கார வைக்கும். நீங்கள் கேட்ட இரண்டு பயங்களுக்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டு முடிவெடுத்துக்கொண்டே இருக்கிற ஒரு மனிதரைப் பார்த்து யாருக்கும் சட்டென்று பரிதாபம் வராது. அந்தக் கணக்கு அவரிடம் செய்கிற விளையாட்டில் சிரிப்பு தானாக வரும்.

எப்படி என்று ஒரு நாளை வைத்துக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான், நீங்கள் அப்பாவின் உண்மையான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 400, கேஸ் 350. வீடியோவின் முதல் காட்சியில் அப்பா ஈரத்துணியால் பின்சீட்டைத் துடைக்கிறார். திரையின் கீழ் மூலையில் சின்னதாக ஓர் எண்: -750. விளக்கம் எதுவும் வேண்டாம். இசையும் வேண்டாம்.

முதல் சவாரி பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு மணி நேரம் தெருத் தெருவாகப் போய், ஹாரன் அடித்து, ஷூ லேஸ் கட்டாத பையனுக்காகக் காத்திருந்து, எல்லோரையும் இறக்கிவிடுகிறார். எண் அசையவே இல்லை. ஏனென்றால் பள்ளிச் சவாரிக்கு மாதக் கடைசியில்தான் காசு. அவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகும் திரையில் அதே -750 நிற்கும்போது பார்க்கிறவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அப்பாவைப் பார்த்து வந்ததில்லை, நிலைமையைப் பார்த்து வந்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்ச ஏழு நிமிடத்துக்கும் வழி கிடைத்துவிடும்.

அப்புறம் ஆபீஸ் நேரம். ஒரு சவாரி 120, எண் -630 ஆகிறது. இன்னொன்று 100, -530. சரி, வேகமாகப் போகிறதே என்று நினைக்கும்போது பதினொரு மணி வருகிறது. ஒன்றும் இல்லை. ஸ்டாண்டில் வரிசையில் நாலாவது வண்டி. இந்த இடத்தில் அப்பா ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிறார், எண் -545 என்று பின்னால் போகிறது. எனக்கு இந்தக் காட்சிதான் முழு வீடியோவிலும் முக்கியம் என்று தோன்றுகிறது. காத்திருப்பதற்கும் காசு ஆகிறது என்பதை எந்த வசனமும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாது. பிறகு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம், 200, -345. ஆப்பில் வந்த சவாரி 95, -250. அடுத்தது 150, -100. எண்பது ரூபாய் சவாரிக்கு ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். பூக்கடை, ஜூஸ் கடை, பக்கத்து வண்டி என்று சில்லறைக்கு ஒரு சுற்று. திரும்பி வரும்போது -20. கடைசியாக வழக்கமாக வருகிற ஒரு பாட்டி, 60 ரூபாய். எண் முதல் தடவையாக மைனஸ் இல்லாமல் நிற்கிறது: 40. மணி இரண்டரை.

அந்த நேரத்தில் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்காது. கேமரா அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் படம் பிடித்த ஒரு ஓட்டுநர் வாடகை எடுத்ததும் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். இன்னொருவர் எதுவுமே செய்யவில்லை, ஆனால் அடுத்த சவாரியில் ஒரு பத்து ரூபாயைக் குறைத்துக்கொண்டார். அதுவரை கறாராகப் பேரம் பேசியவர் அவர்தான். இப்படி ஒரு சின்ன மாற்றம் அப்பாவிடமும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வீடியோவின் இரண்டாம் பாதி அதிலிருந்துதான் தொடங்கும். அதற்கு மேல் எண்ணைத் திரையில் காட்டத் தேவையில்லை. அவர் அன்று மொத்தம் எவ்வளவு சம்பாதித்தார் என்பது உங்கள் வீட்டு விஷயம்.

காசைக் காட்டுவது பற்றி அப்பாவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உறவினர்களும் வண்டி உரிமையாளரும் பார்க்கப்போகும் வீடியோவில் தொகை வருவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். அப்படியானால் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு போதும். காலையில் காலியாக இருக்கும் கோடு ஒவ்வொரு சவாரிக்கும் கொஞ்சம் நிரம்பும், டீக்குக் கொஞ்சம் குறையும். அதே வேலையைச் செய்யும்.

ஒரு நாள் கணக்கு என்று காட்டினால் அது நிஜமாகவே ஒரே நாளின் கணக்காக இருக்க வேண்டும். நல்ல சவாரிகளாகப் பொறுக்கி நாலு நாளிலிருந்து ஒட்டக் கூடாது. ஆனால் எட்டு நிமிடத்துக்குத் தேவையான எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது என்பதும் உண்மை. அதனால் ஒரு நாளைக் கணக்கு நாளாக வைத்துக்கொண்டு அன்று காசு கைமாறுவதை மட்டும் ஒன்றுவிடாமல் எடுங்கள். ஸ்டாண்டுப் பேச்சு, வண்டி துடைப்பது, டயர் பார்ப்பது, தெருக் காட்சிகள் எல்லாம் வேறு நாட்களில் எடுக்கலாம். காக்கிச் சட்டை இருப்பதால் எந்த நாளில் எடுத்தது என்று சட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இது உங்களுக்குப் பெரிய வசதி. காட்டிக்கொடுப்பது வேறு இரண்டு: அப்பாவின் தாடி, சாமி படத்துக்குப் போட்ட பூ. காலையில் மல்லிகையும் அடுத்த ஷாட்டில் சாமந்தியுமாக இருந்தால் யாராவது கேட்பார்கள். இன்னொன்று, ஆயுத பூஜையன்று எடுக்காதீர்கள். வாழைக்கன்றும் தோரணமுமாக வண்டி அழகாக இருக்கும், ஆனால் அது அவருடைய சாதாரண நாள் கிடையாது.

மேடைப் பேச்சுக்கு வருகிறேன். போனை முகத்துக்கு நேரே நீட்டி "சொல்லுங்கப்பா" என்றால் யாராக இருந்தாலும் வணக்கம்தான் சொல்வார்கள். அவரைப் பேச வைக்க வேண்டுமானால் நீங்கள் பின்சீட்டில் உட்கார வேண்டும். ஆட்டோவில் உலகத்துப் பேச்செல்லாம் அப்படித்தான் நடக்கிறது. ஓட்டுகிறவர் முகத்தைத் திருப்புவதில்லை, பேசுகிறவருக்கு முதுகுதான் தெரிகிறது, ஆனால் கண்ணாடியில் கண் தெரிகிறது. போனை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற குறுக்குக் கம்பிக்கு மேலே, அவருடைய தோள் உயரத்தில் கையில் பிடியுங்கள். உள்கண்ணாடியில் அவர் கண்களும், அதைத் தாண்டி ரோடும் ஒரே சட்டகத்தில் வரும். இந்தக் கோணம் மரியாதையானது என்று நான் நினைக்கிறேன். அவர் பார்க்கிறதை நாமும் பார்க்கிறோம். கீழேயிருந்து எடுத்தால் தாதா மாதிரி தெரிவார். மேலேயிருந்து எடுத்தால் சின்னவராகிவிடுவார். தோள் உயரத்தை விட்டு நகராதீர்கள்.

கேள்விகள் தொழிலைப் பற்றி இருக்கட்டும், மனசைப் பற்றி வேண்டாம். "இந்த வாழ்க்கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால் மறுபடியும் மேடைதான். "இப்ப ஏன் இந்தச் சந்துல திரும்பினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி விடுகிற நேரம், மெட்ரோவுக்காக அடைத்த ரோடு, அந்த முனையில் லாரி இறக்குகிற நேரம், எந்தப் பக்கம் நிறுத்தினால் இறங்குகிறவர் ரோட்டைக் கடக்க வேண்டாம் என்பது வரைக்கும் கொட்டுவார். "ரெண்டு பேர் கை காட்டினா யாருக்கு நிறுத்துவீங்க, எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். மரியாதை என்று நீங்கள் தேடுவது இந்தப் பதில்களில் இருக்கிறது. ஒரு வேலையில் எவ்வளவு அறிவு ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அந்த ஆளைப் பாவம் என்று சொல்ல வாய் வராது. உங்கள் கேள்விக் குரலை வெட்டிவிடாதீர்கள். மகள் கேட்கிறாள் என்பது தெரிய வேண்டும். "எங்கம்மா போகணும்?" என்று அவர் உங்களையே சவாரியாக்கி விளையாட ஆரம்பித்தால் விடாமல் கூடவே விளையாடுங்கள்.

இதற்குள் ஒரு கஷ்டமான கேள்வியும் இருக்கிறது. சென்னையில் ஆட்டோ வீடியோ பார்க்கிற ஒவ்வொருவரும் மனசுக்குள் "மீட்டர் போடுவாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் பார்ப்பார்கள். நீங்கள் அதைத் தொடாமல் போனால் மரியாதை என்று நீங்கள் கட்டுவது எல்லாம் மறைப்பு மாதிரி ஆகிவிடும். விவரம் தெரிந்து கேளுங்கள். 2013 ஆகஸ்டில் அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு மீட்டர்படி 63 ரூபாய் 40 காசு வரும். அதன்பின் பத்தாண்டுக்கும் மேல் அந்தக் கட்டணத்தை அரசு திருத்தவில்லை. கேஸ் விலையும் வாடகையும் அப்படியே நிற்கவில்லை. பயணிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மீட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியிருப்பது, குறிப்பாக ராத்திரியில், தொந்தரவுதான். "அப்பா, நானே வெளிய ஆட்டோல போனா கேக்குற காசைப் பார்த்து எரிச்சலா வருது, அது ஏன்?" என்று நீங்கள் கேளுங்கள். பயணியாகக் கேட்கிறீர்கள், மகளாகவும் கேட்கிறீர்கள். அவர் என்ன சொன்னாலும், சங்கடப்பட்டால்கூட, அதைச் சுத்தம் செய்யாமல் வையுங்கள். ஒரு ஓட்டுநர் என்னிடம் சொன்னது: "போக அஞ்சு கிலோமீட்டர், காலியா வர அஞ்சு. அவங்க பாக்குறது போற அஞ்சு. நான் ஓட்டுறது பத்து." இதில் கோபம் இல்லை, புலம்பல் இல்லை. கேட்கிறவருக்கு வேலையின் கணக்கு புரிந்துவிடுகிறது.

இதே விஷயத்தில்தான் நல்ல நகைச்சுவையும் கிடைத்தது. அந்தக் கட்டணத்தில் காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு. "ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று சொல்லி வங்கிக்குள் போனவர் வெகு நேரம் வரவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடி அந்த ஓட்டுநர் சொன்னார்: "அவர் வந்து மூணு ரூபா அம்பது காசு குடுத்தா வாங்கிக்குவேன் சார். அந்த அம்பது காசை எங்கேருந்து எடுத்தார்னு மட்டும் கேப்பேன்." முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல் சொன்னார். எடிட்டில் நான் செய்த ஒரே வேலை, அவர் சொல்வதற்கு முன்னால் இருந்த நீண்ட மௌனத்தை வெட்டாமல் வைத்ததுதான். புதிதாக எடிட் செய்கிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த மௌனத்தைத்தான். வேகமாக இருக்க வேண்டும் என்று பேச்சையும் பேச்சையும் ஒட்டிவிடுவார்கள், நக்கல் செத்துவிடும். அப்பா மாதிரி ஆட்கள் பேச்சில் நேரம் பார்த்து அடிக்கிறவர்கள். அந்த நேரத்தை அவரிடமே விடுங்கள். "டொய்ங்" என்ற சத்தம், சினிமா காமெடித் துண்டு, முகத்தை நெருங்கி ஜூம் செய்வது, இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். அவை பார்க்கிறவரிடம் "இப்போது இவரைப் பார்த்துச் சிரி" என்று சொல்கின்றன. நீங்கள் பயப்படுகிற இடம் அதுதான்.

நகைச்சுவைக்கு இன்னொரு நல்ல வழி, நடந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பது. வலது கையை நீட்டிக்கொண்டே "லெஃப்ட்ல போங்க" என்று சொல்கிறவர், வீட்டு அடையாளமாக இரண்டு வருஷத்துக்கு முன் இடித்த தியேட்டரைச் சொல்கிறவர், இப்படிப் பயணிகள் எல்லா நாளும் வருவார்கள். அவர்களை நேரடியாகப் படம் பிடித்துக் கேலிப் பொருளாக்குவது தவறு. அப்பாவை நம்பி ஏறின ஆட்களை அவர் வண்டியிலேயே வைத்துச் சிரிப்பது அவருக்கும் கௌரவம் இல்லை. சவாரியை இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்ததும் நண்பர்களிடம் அவர் அதை நடித்துக் காட்டுவார் பாருங்கள், அங்கே கேமராவை வையுங்கள். நண்பர்கள் குறுக்கே பேசுவார்கள், அப்பாவையே திருப்பிக் கலாய்ப்பார்கள், அவர் பதிலடி கொடுப்பார். அங்கே எல்லோரும் சமம். யார் சிரித்தாலும் யாருக்கும் வலிக்காது.

பயணிகள் விஷயத்தில் என் வழக்கம் கொஞ்சம் கறாரானது. முகம் எடுப்பதில்லை. கைகளை எடுக்கிறேன். காசு நீட்டுகிற கை, போனைக் காட்டி "அனுப்பிட்டேன் அண்ணா" என்கிற கை, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற வயதான கை, கீரைக்கட்டு வைத்த பை. உங்கள் வீடியோவே காசு கைமாறுகிற கதை என்பதால் கைகள் பொருத்தமாகவும் இருக்கும். ஏறும்போதே "என் அப்பாவைப் பத்தி எடுக்குறேன், உங்க முகம் வராது, பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும், கேட்ட பிறகும் முகமும் பள்ளியின் பெயர் போட்ட சட்டையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வரிசையாகத் தொங்குகிற புத்தகப் பைகள் போதும். மருத்துவமனைச் சவாரியை எடுக்கவே வேண்டாம்.

இனி கருவிகள். போனை ஆட்டோவின் கம்பியிலோ ஹேண்டில்பாரிலோ இறுக்கமாக மாட்டி நாள் முழுக்க விடாதீர்கள். எஞ்சினின் அதிர்வில் படம் கூழாகும் என்பது ஒன்று. இன்னொன்று போனுக்கே ஆபத்து. மோட்டார் சைக்கிள் மாதிரியான எஞ்சின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் ஐபோன் கேமராவின் திறன் குறையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. ஆடாமல் படம் எடுக்கக் கேமராவுக்குள் இருக்கிற நுட்பமான பகுதி பாதிக்கப்படும் என்பதுதான் காரணம். அதே வகைக் கேமரா இருக்கிற மற்ற போன்களுக்கும் இது பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து இரண்டு கையாலும் பிடித்தால் உங்கள் உடம்பே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து அப்பாவின் முகம் வேண்டுமானால் வண்டி நிற்கும்போது எடுங்கள்.

படத்தைவிடச் சத்தம்தான் உங்களை அதிகம் படுத்தும். ஓடுகிற ஆட்டோவில் எஞ்சின், காற்று, பக்கத்து பஸ் எல்லாம் சேர்ந்து பேச்சை விழுங்கிவிடும். போனின் மைக்கில் எடுத்தால் எடிட்டில் காப்பாற்ற முடியாது. காலர் மைக்கைக் காலரில் மாட்டாதீர்கள், அங்கே காற்று நேராக அடிக்கும். காக்கிச் சட்டையின் உள்பக்கம், இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில், மருந்துக்கடையில் கிடைக்கிற பிளாஸ்டரால் ஒட்டுங்கள். துணி உரசாமல் இருக்க ஒயரை ஒரு சின்ன வளையமாக்கி அதையும் ஒட்டுங்கள். ஒட்டியதும் வண்டியை ஓட்டச் சொல்லி, ஹெட்போனில் ஒரு நிமிடம் கேளுங்கள். 'சர் சர்' என்று வந்தால் துணி உரசல், 'புஸ் புஸ்' என்று வந்தால் காற்று. இவ்வளவு செய்தாலும் ஓடும்போது கிடைக்கிற பேச்சில் கொஞ்சம்தான் தேறும். அதனால் முக்கியமான கேள்விகளை எஞ்சின் நிற்கிற இடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். நீண்ட சிக்னல், ஸ்டாண்டு, ரயில்வே கேட், கேஸ் போடுகிற வரிசை. கேஸ் வரிசை அருமையான இடம், எல்லோரும் சும்மா நிற்பார்கள், பேச்சும் தானாக வரும். ஆனால் பங்க்குக்குள் போன் பயன்படுத்தக் கூடாது. வரிசை ரோட்டில் நிற்கும்வரை எடுங்கள், வளாகத்துக்குள் நுழைந்ததும் அணைத்துவிடுங்கள்.

பேச்சு இல்லாத சத்தங்களையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆகிற சத்தம், ஹாரன், மழைத் திரையை அவிழ்த்துவிடுகிற சத்தம், சில்லறைப் பெட்டி. ஒரு சவாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இசைக்குப் பதில் அந்த ஸ்டார்ட் சத்தத்தையே வைத்தால் வீடியோவுக்கு ஒரு தாளம் கிடைத்துவிடும். புல்லாங்குழலும் வயலினும் வந்த உடனே பார்க்கிறவர் துக்கத்துக்குத் தயாராகிவிடுவார். அதே மாதிரி தேய்ந்த செருப்பு, கிழிந்த சீட்டு, வியர்வைத் துளி என்று நெருக்கமாகக் காட்டினால், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலேயே "பாவம்" வந்துவிடும். சீட்டு கிழிந்திருந்தால் கிழிந்ததாகவே பொதுக் காட்சியில் தெரியட்டும், தேடிப் போய் எடுக்காதீர்கள். மத்தியானம் பின்சீட்டில் படுத்து, காலைக் கம்பிக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்குவதை எடுக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அவ்வளவு சின்ன இடத்தில் உடம்பை மடக்கித் தூங்குவது ஒரு திறமை, எல்லோரும் ரசிப்பார்கள். ஆனால் தூங்குகிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முந்தின நாளே கேட்டு, சரி என்றால் எடுங்கள். விழித்ததும் "எப்படிப்பா இங்க தூங்குறீங்க?" என்று கேட்டு அவர் சொல்வதையும் சேர்த்தால் அந்தக் காட்சி அவருடையதாகிவிடும்.

எடிட் முடிந்ததும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை ஒரு டிராபிக் போலீஸ்காரரின் கண்ணோடு பாருங்கள். பின்னணியில் ஒன்வேயில் திரும்பினது, ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தது, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினது, பள்ளிச் சவாரியில் பிள்ளைகள் அதிகமாக ஏறினது, காக்கி போடாமல் ஓட்டினது, இப்படி எது தெரிந்தாலும் அபராதம் அப்பாவுக்குத்தான் வரும். பொதுவில் வந்த வீடியோவை வைத்து நடவடிக்கை எடுப்பது சாதாரணமாக நடக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் திரையில் வரும் தொகையோடு எங்கிருந்து எங்கே என்ற விவரத்தைச் சேர்க்காதீர்கள் என்கிறேன். வண்டி எண்ணையும், காசு அனுப்ப ஒட்டி வைத்திருக்கிற கியூஆர் அட்டையையும் மங்கலாக்குங்கள். அந்த அட்டையை வீடியோவிலிருந்தே ஸ்கேன் செய்து அப்பாவின் முழுப் பெயரைத் தெரிந்துகொள்ள முடியும். வண்டி அவருடையது இல்லை என்பதால் உரிமையாளரிடமும் எடுப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்து அவர் கோபப்பட்டால் வண்டியே கையை விட்டுப் போகலாம்.

இரண்டாவது தடவை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள், ஆனால் வீட்டில் இரண்டு பேர் மட்டும் வேண்டாம். மகள் எடுத்தது என்று எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்பார். ஸ்டாண்டுக்கு எடுத்துப் போய், அவர் நண்பர்கள் நடுவில் போட்டுக் காட்டுங்கள். அப்போது திரையைப் பார்க்காதீர்கள், அப்பாவைப் பாருங்கள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவரும் சேர்ந்து சிரித்தால் அந்தக் காட்சி சரி. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் பார்வை வேறு பக்கம் போனால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். கணக்கில் தப்பு இருந்தாலும் அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். "வாடகை நானூறுன்னு போட்டிருக்கே, டயர் பஞ்சர் ஆனதை யாரு சேக்குறது?" என்று யாராவது கேட்டால் அதையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், வீடியோவில் சேர்க்க இடம் இருக்கும்.